பழமொழியோடு அறிமுக உரை தொடங்குவது: பட்டுத் தெளிந்தவை

மேடையில் ஒருவரை அறிமுகம் செய்யச் சொல்லிக் கேட்டால் எங்கள் பக்கத்தில் இலகுவில் மறுக்க ஏலாது. மறுத்தால் அந்த மனிசருக்கு மரியாதை குறைத்த மாதிரி ஆகிவிடும். எனக்கும் அப்படித்தான் வந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். மேடைக்கும் எனக்கும் தொடர்பே இருந்ததில்லை. எங்கள் ஊர்ப் பாடசாலையில் அதிபராக இருந்தவருக்கு மணிவிழா வைத்தார்கள். பழைய மாணவர் சங்கத்து அண்ணர் ஒருவர் வீட்டுக்கே வந்து, "தங்கச்சி, நீங்கள் அவரிட்டைப் படிச்ச பிள்ளை. மூண்டு நிமிசம் காணும், நீங்கள்தான் அறிமுகம் செய்ய வேணும்" என்றார். ஓம் என்று சொன்ன அன்றிரவே பயம் பிடித்துக்கொண்டது. யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. கேட்டவர்கள் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "ஒரு பழமொழியோடை தொடங்கு, பிறகு தன்பாட்டிலை வரும்."

தன்பாட்டில் வரவில்லை. விழாக்களுக்கு உரை எழுதிக் கொடுக்கிற ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டு, 5,000 ரூபா கொடுத்து எழுதுவித்தேன். எங்கள் வீட்டுச் செலவுக்கு அது சின்னக் காசில்லை. வட்ஸ்அப்பில் வந்த உரையின் முதல் வரி, "யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்றொரு பழமொழி உண்டு. அதற்கிணங்க..." என்று இருந்தது. அறிமுக உரைதான் மணியோசை, அதிபர்தான் யானை. வாசிக்க நன்றாகத்தான் இருந்தது. வேலை விட்டு வந்து, பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டு, இரவிரவாகப் பாடமாக்கினேன். அந்த நேரமெல்லாம் அவரைப் பற்றி நாலு பேரிடம் விசாரிப்பதில் போயிருக்க வேண்டிய நேரம்.

விழா அன்று மங்கல விளக்கேற்றி, தேவாரம் பாடி, வரவேற்புரைக்கு ஒரு ஆசிரியர் எழுந்தார். விளித்து முடித்த கையோடு அவர் சொன்ன முதல் வசனம் "யானை வரும் பின்னே". எனக்குக் கை குளிர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த "அதற்கிணங்க" கூட என் தாளில் இருந்த அதே சொல். எனக்கு முன்னால் இன்னும் ஒருவர்தான் பேச இருந்தார். அதற்குள் புதிதாக ஒன்றை யோசிக்க மண்டை ஓடவில்லை. என் முறை வந்தபோது கையிலிருந்ததைத்தான் வாசித்தேன். மண்டபத்தில் யாரும் சிரிக்கவில்லை, யாரும் ஒன்றும் சொல்லவும் இல்லை. முன் வரிசையில் இருந்தவர்கள் அழைப்பிதழால் விசிறத் தொடங்கினார்கள். இரண்டாம் வரிசையில் ஒரு அம்மா, நான் வாய் திறக்க முன்னமே மிச்சப் பாதியை உதட்டால் சொல்லி முடித்துவிட்டுப் போனைப் பார்த்தா. மேடையில் அதிபர் மட்டும் என்னைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தலையாட்டல்தான் எனக்கு இன்றைக்கும் தாங்காது.

காசை விட, கூச்சத்தை விட, வேறொன்றுதான் எனக்கு மனவருத்தம். அந்த அதிபரைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒரு விசயம் இருந்தது. 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வில் வலிகாமம் முழுக்கத் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, அவர் தன் வீட்டுச் சாமான்களை விட்டுவிட்டுப் பாடசாலையின் மாணவர் இடாப்புகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனவர். பிறகு சாவகச்சேரிப் பக்கம் ஒரு மாமரத்தடியில் அந்த இடாப்பைத் திறந்து பெயர் கூப்பிட்டார். என் பெயரையும் கூப்பிட்டார். அந்த மண்டபத்தில் பாதிப்பேர் அதே மாமரத்தடியில் இருந்தவர்கள். அப்படி ஒருவரை அறிமுகம் செய்ய, யாருக்கும் பொருந்தக்கூடிய ஒரு யானையைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்திருக்கவில்லை. இதை எனக்கு முன்கூட்டியே ஒருவர் சொல்லியிருந்தால் என்ற நினைப்பில்தான் இதை எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு விழாக்களுக்குப் போனால் அறிமுக உரைகளின் முதல் அரை நிமிசத்தைக் கவனிக்கத் தொடங்கினேன். சபைக்குத் தெரிந்த பழமொழி என்பதால் அலுப்பு வருவதில்லை. தெரிந்த பழமொழி என்றால் நல்லதுதான், விளங்கப்படுத்தத் தேவையில்லை. பழமொழிக்கு அடுத்த வசனமும் சபைக்கு முன்பே தெரிந்துவிடுகிறபோதுதான் ஆட்கள் போனை எடுக்கிறார்கள். "விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்றால் அடுத்தது "அதற்கேற்ப இவரும் சிறுவயதிலேயே கல்வியில் சிறந்து" என்று எல்லாருக்கும் தெரியும். வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்றால் "திரைகடல் ஓடியும் திரவியம் தேடு". படித்தவர் என்றால் "கற்றோர்க்குச் சென்ற இடமெல்லாம் சிறப்பு". இவை இரண்டும் ஔவையார் வரிகள். முன்னது கொன்றைவேந்தன், பின்னது மூதுரை. மேடையில் இவற்றையும் பழமொழி என்றே சொல்லிவிடுகிறார்கள். சபையில் ஒரு தமிழ் ரீச்சர் இருந்தால் அந்த இடத்திலேயே உங்கள் உரை அவவுக்கு முடிந்துவிடும்.

இதிலிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்ட சோதனை ஒன்றுதான். பழமொழியையும் அதற்கு அடுத்த வசனத்தையும் ஒரு தாளில் எழுதி, விருந்தினரின் பெயரை எடுத்துவிட்டு, மேடையில் இருக்கப்போகிற இன்னொருவரின் பெயரைப் போட்டுப் பார்ப்பேன். அப்போதும் பொருந்தினால் அந்தத் தொடக்கம் வேண்டாம். பொருந்தாமல் இடறினால் வைத்துக்கொள்ளலாம். கூடவே மூன்று சொற்றொடரை எப்போதும் வெட்டிவிடுவேன்: "என்றொரு பழமொழி உண்டு", "அதற்கிணங்க", "என்றால் மிகையாகாது". பழமொழி தானே பழமொழி என்று காட்டிக்கொள்ளும், அறிவிக்கத் தேவையில்லை. "அதற்கிணங்க" என்ற சொல், அடுத்து வரப்போவது பொதுவான புகழ்ச்சிதான் என்று சபைக்கு முன்கூட்டியே சொல்லிக் கொடுத்துவிடும். அதை எடுத்துவிட்டால், பழமொழிக்கும் மனிசருக்கும் உள்ள தொடர்பை நீங்களே ஒரு சம்பவத்தால் காட்ட வேண்டி வரும். அந்தக் கட்டாயம்தான் உரையைக் காப்பாற்றுகிறது.

இது எனக்குச் சரியாகப் பிடிபட்டது அடுத்த முறைதான். எங்கள் சனசமூக நிலையத்தில் ஒரு நூல் வெளியீடு. எழுதியவர் ஓய்வுபெற்ற நீர்ப்பாசனப் பொறியியலாளர். குடாநாட்டுக் கிணறுகளைப் பற்றிய புத்தகம். முதல் விழாவில் நடந்தது மனதில் கிடந்ததால் மறுக்கத்தான் நினைத்தேன். ஆனால் வந்து கேட்டவ என் சின்னம்மா. இந்த முறை காசுக்கு எழுதுவிக்கவில்லை. கிணறு என்றதும் எனக்கு முதலில் வாயில் வந்தது "இறைத்த கிணறு ஊறும்". எங்கள் வீட்டில் யாருக்காவது உதவி செய்யத் தயங்கினால் அம்மம்மா சொல்வது. அறிவை அள்ளிக் கொடுத்தவர், கொடுக்கக் கொடுக்க ஊறியவர் என்று போனால் மூன்று நிமிசம் நிரம்பிவிடும். பெயர் மாற்றிப் பார்த்தேன். எங்கள் ஊர் ரியூசன் மாஸ்டர் எல்லாருக்கும் பொருந்தியது. அங்கேயே நிறுத்திவிட்டு, அவருக்குப் போன் எடுத்தேன். விழாவுக்கு முன்னால் விருந்தினரோடு ஒரு முறையாவது கதைத்துவிடுங்கள். பத்து நிமிசம் போதும்.

நான் பழமொழியைச் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "பிள்ளை, எந்தப் பழமொழியெண்டாலும் சொல்லுங்கோ, இதை மட்டும் அப்பிடியே சொல்லிப்போடாதேங்கோ. நான் எழுதின புத்தகமே அதுக்கு எதிர். என்ரை அப்பு அதைச் சொல்லேக்கை அது சரி. அவர் துலா மிதிச்சு இறைச்ச மனிசன். விடிய இறைச்சால் பிறகு கிணறு ஆற நேரம் இருந்தது. மிசின் வந்தாப் பிறகு கிணத்துக்கு ஆற நேரமில்லை. இறைக்க இறைக்க ஊறுறது உவர்."

அதற்கான காரணத்தையும் பொறுமையாக விளங்கப்படுத்தினார். எங்கள் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. மாரி மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி நிற்பதுதான் எங்கள் கிணற்றுத் தண்ணீர். அந்த நன்னீர், கீழே இருக்கிற கடல்நீரை விடப் பாரம் குறைவென்பதால் அதன் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நிற்கிற நன்னீர் ஒரு அடி இறங்கினால், கீழேயுள்ள உவர்நீர் காலப்போக்கில் ஏறத்தாழ 40 அடி மேலே ஏறும் என்பது கணக்காம். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருக்கிறது என்று சின்ன வயதில் சுற்றுலா போனபோது சொன்னது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அளவோடு இறைத்த காலத்தில் பழமொழி உண்மையாக இருந்தது. வோட்டர் பம்ப் பூட்டி நாள் முழுக்க இறைக்கத் தொடங்கியதும் கரையோரக் கிணறுகளில் அது பொய்த்துப் போனது. இந்த மனிசர் வெங்காயத் தோட்டங்களுக்கு ஏறி இறங்கி அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார். ஒரு கமக்காரர் கூட்டத்தில் எழுந்து சொன்னபோது ஏச்சும் வாங்கியிருக்கிறார்.

போனை வைத்ததும் எனக்குத் தொடக்கம் கிடைத்துவிட்டது. பழமொழியை விடத் தேவையில்லை, அவரோடு அதை மோதவிட்டால் போதும். நான் மேடையில் சொன்னது இதுதான்: "இறைத்த கிணறு ஊறும். எங்கள் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த சொல். இன்று உங்கள் முன் இருப்பவர், இந்த ஊர்க் கிணறுகளை வருடக்கணக்காக அளந்துவிட்டு, மிசின் போட்டு இறைத்தால் ஊறுவது உவர் என்று எங்கள் கமக்காரர் கூட்டத்தில் எழுந்து சொன்னவர். அன்றைக்கு அவருக்கு ஏச்சு விழுந்தது. இன்றைக்கு அவருடைய புத்தகத்தை வெளியிடக் கூடியிருக்கிறோம்."

முதல் வசனத்தில் வழக்கம்போல ஒரு சிலர் தலையைக் குனிந்தார்கள். "மிசின்" என்ற சொல் வந்ததும் பின்வரிசையில் இருந்த தோட்டக்கார ஐயாமார் நிமிர்ந்தார்கள். "ஏச்சு விழுந்தது" என்றபோது அவர்களில் ஒருவர் சத்தமாகவே "ஓம், அது உண்மை" என்றார். எனக்கு அந்தக் கணத்தில் கால் நடுக்கம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவர் படித்த இடம், வகித்த பதவி எல்லாம் சொன்னேன். அவற்றைச் சபை இருந்து கேட்டது, ஏனென்றால் அந்த ஆள் யார் என்று தெரிந்துகொள்ள ஆசை வந்துவிட்டது. பழமொழி சபையை ஒரு பக்கம் நிற்க வைக்கிறது. அடுத்த வசனம் மறுபக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறது. அந்த நகர்வு இல்லாவிட்டால் பழமொழி வெறும் அலங்காரம்.

எல்லா விருந்தினரும் ஒரு பழமொழியோடு சண்டை பிடித்தவர்களாக இருக்க மாட்டார்கள். அப்படி மோதல் கிடைக்காதபோது, பழமொழி சொல்கிற வேலையை அந்த மனிசர் கையால் செய்த ஒரு சம்பவம் இருக்கிறதா என்று தேடுவேன். "அகல உழுவதிலும் ஆழ உழு" என்பதை ஒரே பாடத்தை ஒரே பாடசாலையில் ஆயுள் முழுக்கப் படிப்பித்த ரீச்சர் ஒருவருக்குச் சொல்லலாம். ஆனால் அதன் பின்னால், பெரிய பாடசாலைக்கு இடமாற்றம் வந்தபோது அவ மறுத்து எழுதிய கடிதத்தைப் பற்றிய ஒரு வசனம் வர வேண்டும். அந்தக் கடிதம் இல்லையென்றால் பழமொழியும் வேண்டாம். நான் தேடுவது இந்த ஒழுங்கில்தான்: முதலில் மனிசரிடம் சம்பவம், பிறகு அதற்குப் பழமொழி. பழமொழியைக் கையில் வைத்துக்கொண்டு சம்பவம் தேடினால், சம்பவத்தை வளைக்க வேண்டி வரும். அந்த வளைவை விருந்தினரே முதலில் கண்டுபிடிப்பார்.

பழமொழி தேடுகிறவர்களுக்கு ஒரு தகவல். பீற்றர் பேர்சிவல் என்ற மிசனரி யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில், 1843இலேயே இங்கு தமிழ்ப் பழமொழித் தொகுப்பொன்றை அச்சிட்டிருக்கிறார். ஆறுமுக நாவலர் சேர்ந்து வேலை செய்த அதே பேர்சிவல்தான். 1874இல் வந்த விரிந்த பதிப்பில் ஆறாயிரத்துக்கும் மேல் இருக்கிறது. வாயில் தேயாத பழமொழிகள் அதில் நிறைய. ஆனால் அப்படிப்பட்ட தொகுப்பு, எந்தப் பழமொழியை எந்தத் தொனியில் சொல்வார்கள் என்று காட்டித் தராது. ஒன்றை எடுத்தால் ஊரில் வயதான ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். நான் அம்மம்மாவிடம் சொல்லிப் பார்ப்பேன். அவ சிரித்தால் ஏன் சிரிக்கிறா என்று கேட்பேன். சில பழமொழிகள் புகழ்ச்சி மாதிரித் தெரியும், ஊரில் குத்திக் காட்டத்தான் சொல்வார்கள். "சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்" அப்படியானது. அறிவு நிறைந்தவர் என்று காட்ட அதைச் சொன்னால், சபையில் பாதிப்பேருக்கு ஒன்றுமில்லாத ஆளுக்குச் சொல்கிற சொல்தான் ஞாபகம் வரும்.

இன்னொன்று, பழமொழியின் சொல்லாத பாதி. நீங்கள் முதற்பாதியை மட்டும் சொன்னாலும் சபை மனதுக்குள் மறுபாதியைச் சொல்லிவிடும். "இறைத்த கிணறு ஊறும்" என்பதற்கும் "இறையாத கிணறு நாறும்" என்று ஒரு பின்பாதி இருக்கிறது. நான் அன்றைக்கு முதற்பாதி சொன்னதும் இடைவெளி விடாமல் அடுத்த வசனத்துக்குப் போனது அதனால்தான். இதில் மிக மோசமானது "நிறைகுடம் தளம்பாது". ஒரு விருந்தினரை நிறைகுடம் என்றால், அந்த மேசையில் இருக்கிற மற்ற நாலு பேரும் என்ன? குறைகுடம்தான் கூத்தாடும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதிலும் அவர்களில் ஒருவர் இப்போதுதான் நீட்டிப் பேசிவிட்டு வந்து இருக்கிறார் என்றால், நீங்கள் அவரைப் பார்த்துச் சொன்ன மாதிரியே ஆகிவிடும். "யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்" என்று ஒரு விழாவில், எண்பது வயது தாண்டிய ஐயா ஒருவரை மேடையில் வைத்துக்கொண்டு சொன்னதைக் கேட்டேன். அவரின் மகள் முன்வரிசையில் இருந்தா. அவவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இனி, பழமொழியை முழுதாக விட்டுவிட வேண்டிய இடங்கள். முதலாவது, உடம்புக் குறையையோ சாதியையோ தொட்டு நிற்கிற பழமொழிகள். "செவிடன் காதில் ஊதிய சங்கு", "முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்டது போல" என்று சாதாரணமாக வாயில் வருகிறது. எங்கள் மண்டபங்களில் யுத்தத்தில் காலை இழந்தவர்கள், ஷெல் சத்தத்தில் காது போனவர்கள் இல்லாத கூட்டம் குறைவு. அவர்கள் எழுந்து ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பேசாமல் கேட்டுக்கொண்டு இருப்பார்கள், அதுதான் கொடுமை. சாதிப் பெயரோ தொழிற்பெயரோ வருகிற பழமொழி எவ்வளவு கெட்டித்தனமாக இருந்தாலும் அதற்கு மேடையில் இடமில்லை. இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

இரண்டாவது, துக்கம் கலந்த நிகழ்வுகள். சின்ன வயதில் இறந்துபோன ஒருவரின் ஓராண்டு நினைவில் நினைவுப் பேருரைக்கு வந்தவரை அறிமுகம் செய்யச் சொன்னார்கள். பொருத்தமான பழமொழி ஒன்று எழுதித்தான் வைத்திருந்தேன். மௌன அஞ்சலி முடிந்து ஆட்கள் இருக்கிற சத்தம் அடங்க, தாயார் முன்வரிசையில் இருப்பதைப் பார்த்தேன். அந்த இடத்தில் கெட்டித்தனமாக எது சொன்னாலும், நான் என்னைக் காட்டிக்கொள்கிற மாதிரித்தான் இருந்திருக்கும். பேச்சாளரின் பெயர், இறந்தவரோடு அவர் ஒரே விடுதி அறையில் இருந்து படித்தவர் என்பது, இன்று பேசப்போகிற தலைப்பு. இந்த மூன்றை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன். ஒரு நிமிசம்கூட வரவில்லை. விழாப்பொறுப்பாளர் குறை சொல்லவில்லை.

மூன்றாவது, மொழிபெயர்ப்பாளர் நிற்கிற மேடை. தெற்கிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ ஒரு வைத்தியர் வந்திருப்பார், பக்கத்தில் ஒருவர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ சொல்லிக்கொண்டிருப்பார். நீங்கள் நாலு சொல்லில் சொன்ன பழமொழியை அவர் நாலு வசனத்தில் விளங்கப்படுத்த வேண்டி வரும். தமிழ்ச் சபை அதுவரை காத்திருக்கும். விருந்தினருக்கோ தன்னைப் பற்றி என்ன சொன்னார்கள் என்றே பிடிபடாது. அந்த இடத்தில் அவர் செய்த வேலையில் தொடங்குவதுதான் அவருக்கும் சபைக்கும் நல்லது.

"இந்தப் பழமொழிக்கு நீங்கள் நினைக்கிற பொருள் இல்லை, உண்மையான பொருள் வேறு" என்று தொடங்குகிறதையும் இப்போது தவிர்க்கிறேன். ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் என்பது ஆயிரம் பேருக்குப் போய்ச் சொல்லி என்று வர வேண்டும் என்கிற மாதிரியான விளக்கங்கள். வட்ஸ்அப்பில் வந்து வந்து அதுவும் எல்லாருக்கும் மனப்பாடமாகிவிட்டது. பழைய ஏட்டில் அப்படி இருந்ததா என்று ஒருவர் எழுந்து கேட்டால் காட்ட ஒன்றுமில்லை. உங்கள் மூன்று நிமிசத்தில் ஒரு நிமிசமும் விருந்தினரை விட்டுப் பழமொழிக்கே போய்விடும்.

எனக்கு நடந்தது போல முன்னுக்குப் பேசுகிறவர் உங்கள் பழமொழியைச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் இப்போது ஒரு வழி வைத்திருக்கிறேன். முதலில், நிகழ்ச்சி நிரல் கைக்கு வந்ததும் வரவேற்புரை, தலைமையுரை சொல்கிறவர்களுக்குப் போன் எடுத்து எதோடு தொடங்குகிறார்கள் என்று கேட்டுவிடுவேன். யாரும் தப்பாக எடுக்கவில்லை. சிலர் "நல்லகாலம் கேட்டியள்" என்றார்கள். அடுத்தது, உரையை எழுதும்போதே பழமொழியை வெட்டினாலும் இரண்டாவது வசனம் முதல் வசனமாக நிற்கிற மாதிரி எழுதுவேன். கிணற்று உரையில் முதல் இரண்டு வசனத்தையும் எடுத்துவிட்டு வாசித்துப் பாருங்கள்: "இன்று உங்கள் முன் இருப்பவர், இந்த ஊர்க் கிணறுகளை வருடக்கணக்காக அளந்துவிட்டு..." என்று அப்படியே தொடங்கலாம். பழமொழி இல்லாமலே அது நிற்கும். பழமொழி இருந்தால் இன்னும் கொஞ்சம் உறைக்கும், அவ்வளவுதான். பழமொழியை எடுத்ததும் அடுத்த வசனம் விழுந்துபோனால், அந்த உரையில் விருந்தினரைப் பற்றி இன்னும் ஒன்றும் எழுதவில்லை என்று விளங்கிக்கொள்ளுங்கள்.

அதனால் தாளில் பழமொழியைத் தனி வரியாக, மேலே, பென்சிலால் எழுதுகிறேன். அதன் கீழ் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே இருப்பது பேனையால் எழுதியது. மேடையில் முறை வருகிற வரைக்கும் முன்னுக்குப் பேசுகிறவர்களைக் கேட்டுக்கொண்டிருப்பேன். யாராவது அதே பழமொழியைச் சொன்னால் மேல் வரியைக் கீறிவிடுவேன். நேரம் பிந்தித் தலைவர் என் பக்கம் சரிந்து "பிள்ளை, சுருக்கமா" என்றாலும் முதலில் போவது அந்த வரிதான். பலர் அவசரத்தில் பழமொழியை வைத்துக்கொண்டு சம்பவத்தை வெட்டுகிறார்கள், பழமொழி சின்னது, சம்பவம் நீளம் என்று. வெட்டுவதென்றால் பதவிகளின் பட்டியலை வெட்டுங்கள், அது அழைப்பிதழிலேயே இருக்கிறது. நான் கதைக்கிற வேகத்துக்கு நிமிசத்துக்கு நூறு சொல் வரை போகும். பழமொழியும் அதிலிருந்து மனிசருக்குப் போகிற திருப்பமும் ஐம்பது சொல்லைத் தாண்டினால் எழுதும்போதே குறைத்துவிடுவேன். விருந்தினரின் பெயரை மட்டும் கடைசி வசனத்தில் வைப்பேன், அதுவும் பேனையால். அவர் எழுந்து வரும்போது சபையின் காதில் கடைசியாக விழுந்திருக்க வேண்டியது அவருடைய பெயர்.